தமிழ் தெரியாதவருக்குத் தமிழ் மொழிபெயர்ப்பை எப்படி விற்பது? ஃப்ரீலான்ஸ் மொழிபெயர்ப்பாளரின் அறிமுகப் பக்கமும் போர்ட்ஃபோலியோவும்

ஆங்கிலத்திலிருந்து தமிழுக்கு மொழிபெயர்க்கும் வேலையை ஃப்ரீலான்ஸாகச் செய்யலாம்னு நினைக்கிறீர்களா? இணையப்பக்கம் ஒன்றைத் திறந்தாச்சு. பெயரும் படமும் போட்டாச்சு. 'என்னைப் பற்றி' என்ற இடத்துக்கு வந்ததும் கை நின்றுவிடும். 'என் படைப்புகள்' என்ற இடத்தில் இன்னும் சிக்கல்: செய்த வேலைகள் பல இருந்தாலும், அவற்றை வெளியே காட்டலாமா, கூடாதா?

இந்த இரண்டு பக்கங்களையும் எப்படி எழுதுவது என்று படிப்படியாகப் பார்ப்போம்.

முதல் கேள்வி: யார் படிக்கப்போகிறார்?

சிங்கப்பூரில் தமிழ் மொழிபெயர்ப்பு கேட்டு வருபவர் பெரும்பாலும் ஒரு நிறுவனத்தின் தொடர்புப் பிரிவு அதிகாரியாகவோ மொழிபெயர்ப்பு நிறுவனத்தின் திட்ட மேலாளராகவோ இருப்பார். அவருக்குத் தமிழ் தெரியாமல் இருக்க வாய்ப்பு அதிகம். நான்கு மொழிகளிலும் ஓர் அறிவிப்பு வரவேண்டும், அதில் தமிழுக்கு ஓர் ஆள் வேண்டும். அவ்ளோதான் அவருடைய தேவை.

அதாவது, உங்கள் தமிழ் நன்றாக இருக்கிறதா இல்லையா என்பதை அவரால் படித்துப் பார்த்து முடிவுசெய்ய முடியாது. தவறான தமிழ் அச்சாகிவிட்டால் பழி அவர்மீதுதான் விழும். அவருடைய பயமே அதுதான்.

அவருக்குப் பின்னால் இன்னொரு வாசகரும் இருக்கிறார். "இவருடைய தமிழ் எப்படி, கொஞ்சம் பார்த்துச் சொல்லுங்க" என்று அந்த அதிகாரி தனக்குத் தெரிந்த தமிழர் ஒருவரிடம் உங்கள் பக்கத்தை அனுப்புவார். அவர் அனுபவமுள்ள சரிபார்ப்பாளராக இருக்கலாம்; பக்கத்து மேசையில் வேலை செய்யும் தமிழராகவும் இருக்கலாம்.

ஆகவே உங்கள் பக்கத்துக்கு இரண்டு வாசகர்கள். தமிழ் தெரியாதவருக்கு நம்பிக்கை வரவேண்டும். தமிழ் தெரிந்தவர் குறை காணக்கூடாது. கீழே வரும் ஒவ்வொரு முடிவும் இந்த இருவரை வைத்துத்தான்.

இதனால் கிடைக்கும் முதல் விதி எளிது: அறிமுகப் பக்கம் ஆங்கிலத்தில் இருக்கவேண்டும். தமிழ் வடிவத்தையும் பக்கத்திலேயே வையுங்கள். அதுவே உங்கள் முதல் மாதிரி ஆகிவிடும்.

அறிமுகப் பக்கம்: ஓர் எடுத்துக்காட்டு

26 வயதுப் பெண் ஒருவரைக் கற்பனை செய்துகொள்வோம். மருந்தகத்தில் இரண்டு ஆண்டு உதவியாளராக வேலை செய்தவர். பகுதி நேரமாக ஒரு மொழிபெயர்ப்பு நிறுவனத்துக்கு வேலை செய்து கொடுத்திருக்கிறார். இப்போது தனியாகத் தொடங்குகிறார். அவருடைய முதல் வரைவு இப்படி இருக்கிறது:

"வணக்கம்! மொழி என் மூச்சு. சிறு வயதிலிருந்தே தமிழ்மீது தீராத ஆர்வம். எந்தத் துறையாக இருந்தாலும் தரமான, விரைவான, மலிவான மொழிபெயர்ப்புச் சேவை வழங்குவேன். 24 மணி நேரமும் தொடர்புகொள்ளலாம்."

இதில் பொய் எதுவும் இல்லை. ஆனால் அந்த அதிகாரிக்குத் தேவையான ஒரு தகவல்கூட இல்லை. எந்த மொழியிலிருந்து எந்த மொழிக்கு? அதுவே இல்லை. 'எந்தத் துறையாக இருந்தாலும்' என்று படித்ததும், எந்தத் துறையிலும் ஆழம் இல்லைன்னு அவர் எடுத்துக்கொள்வார். 'தரமான' என்பதை எல்லாரும் எழுதுகிறார்கள். அதைச் சரிபார்க்க அவருக்கு வழி கிடையாது.

முக்கியமாக, மருந்தகத்தில் வேலை செய்த இரண்டு ஆண்டைக் காணோம். இது மொழிபெயர்ப்பு வேலை இல்லையே என்று அவரே விட்டுவிட்டார். ஆனால் மாத்திரையைச் சாப்பாட்டுக்கு முன்பா பின்பா சாப்பிடுவது என்று தாத்தா பாட்டிகளுக்குத் தமிழில் விளக்கிய அனுபவம் எல்லாரிடமும் இருக்காது.

திருத்திய வடிவம்:

"ஆங்கிலத்திலிருந்து தமிழுக்கு மொழிபெயர்க்கிறேன். நோயாளிகளுக்கான கையேடுகள், மருந்தக அறிவிப்புகள், குடியிருப்பாளர்களுக்கான சுற்றறிக்கைகள் ஆகியவை என் முக்கிய வேலை. இவற்றைப் படிப்பவர்களில் பலர் சிங்கப்பூரில் வாழும் மூத்த தமிழர்கள். அவர்கள் ஒருமுறை படித்தவுடனே புரிந்துகொள்ளும்படி எழுதுகிறேன்.

மருந்தகத்தில் இரண்டு ஆண்டு உதவியாளராகப் பணியாற்றியிருக்கிறேன். மருத்துவக் குறிப்புகளில் எந்த இடத்தில் நோயாளிகள் குழம்புவார்கள் என்பது அங்கே நேரில் தெரிந்துகொண்டது.

ஒரு நாளில் 1,500 ஆங்கிலச் சொற்கள் வரை ஏற்பேன். அதில் இரண்டாவது வாசிப்பும் அடங்கும். கட்டணம் ஆங்கில மூலத்தின் சொல் எண்ணிக்கைப்படி. சட்ட ஆவணங்களை ஏற்பதில்லை."

இப்போது ஒவ்வொரு வரியும் ஏன் அங்கே இருக்கிறது என்று பார்க்கலாம்.

முதல் வரி திசையைச் சொல்கிறது. ஆங்கிலத்திலிருந்து தமிழுக்கு எழுதுவதும் தமிழிலிருந்து ஆங்கிலத்துக்கு எழுதுவதும் இரண்டு வெவ்வேறு திறமைகள். இரண்டையும் செய்தால், எது உங்கள் பலம் என்று சொல்லிவிடுங்கள்.

அடுத்தது, யார் படிக்கும் தமிழ் என்பது. இது சிங்கப்பூரில் ரொம்ப முக்கியம். இங்கே 'மருந்தகம்' என்றால் மருத்துவரைப் பார்க்கும் கிளினிக். சென்னையில் அதே சொல்லைப் படிப்பவர் மருந்துக் கடையைத்தான் நினைப்பார். பலதுறை மருந்தகம், உணவங்காடி நிலையம், சமூக மன்றம், வீவக, மசேநி எல்லாம் இங்கே புழங்கும் சொற்கள். வெளிநாட்டிலிருந்து குறைந்த விலைக்குச் செய்பவர் இவற்றில்தான் தடுக்கி விழுவார். 'உள்ளூர் வாசகர்களுக்கு எழுதுகிறேன்' என்று நீங்கள் சொல்வதன் மதிப்பு அங்கே இருக்கிறது.

நாளுக்கு எத்தனை சொற்கள் என்பதை ஊகித்து எழுதாதீர்கள். 500 சொற்கள் கொண்ட ஓர் ஆங்கிலக் கட்டுரையை எடுத்து, மொழிபெயர்த்து, சிறிது இடைவெளி விட்டு, மூலத்தோடு ஒப்பிட்டு, பிழை திருத்தி முடிக்கும்வரை எவ்வளவு நேரம் ஆகிறது என்று கணக்கெடுங்கள். அதிலிருந்து வரும் எண்ணைத்தான் பக்கத்தில் போடவேண்டும்.

கட்டணத்தில் 'ஆங்கில மூலத்தின் சொல் எண்ணிக்கைப்படி' என்பது சின்ன விஷயம் மாதிரி தெரியும். ஆனால் பணம் இங்கேதான் போகும். தமிழில் வேற்றுமை உருபுகள் சொல்லோடு ஒட்டிக்கொள்ளும். 'ஃப்ரம் தி ஹாஸ்பிட்டல் டு தி ஹவுஸ்' என்பது ஆங்கிலத்தில் 6 சொற்கள். 'மருத்துவமனையிலிருந்து வீட்டுக்கு' என்று தமிழில் 2 சொற்கள். முழு ஆவணம் என்று பார்த்தாலும் தமிழில் சொல் எண்ணிக்கை பொதுவாகக் குறைவாகத்தான் வரும். தமிழ்ச் சொற்களை எண்ணிக் காசு கொடுக்க வாடிக்கையாளர் நினைத்திருந்தால், அதே வேலைக்கு உங்களுக்குக் கிடைப்பது குறைந்துவிடும். வேலை முடிந்த பிறகு இதைப் பேசினால் மனக்கசப்புதான் மிஞ்சும்.

கடைசி வரி, எதை ஏற்கமாட்டேன் என்பது. வேலை போய்விடுமோன்னு பயந்து இதைப் பலர் எழுதுவதில்லை. ஆனால் தமிழ் படிக்கத் தெரியாத ஒருவருக்கு, 'இவர் தன் எல்லையை அறிந்தவர்' என்று காட்டும் வரி இதுதான்.

'சான்றுபெற்ற' என்று போடலாமா?

இந்தச் சொல்லில் கவனம் தேவை. தேர்வு எழுதித் தேர்ச்சி பெற்றிருந்தால் மட்டுமே 'சான்றுபெற்ற மொழிபெயர்ப்பாளர்' என்று போடுங்கள். கூடவே எந்தத் தேர்வு, எந்த ஆண்டு என்பதையும் எழுதுங்கள். ஒருநாள் பயிலரங்கில் கிடைத்த வருகைச் சான்றிதழ் அந்த வகையில் சேராது.

பிறப்புச் சான்றிதழ், திருமணச் சான்றிதழ் போன்றவற்றை மொழிபெயர்க்கக் கேட்டு வருபவர்கள் உண்டு. அதிகாரபூர்வப் பயன்பாட்டுக்குக் கொடுக்கும்போது, தனியார் மொழிபெயர்ப்பை நோட்டரி பப்ளிக் உறுதிப்படுத்த வேண்டியிருக்கலாம். மொழிபெயர்ப்பது நீங்கள், உறுதிப்படுத்துவது வேறொருவர். இந்த வேறுபாட்டைப் பக்கத்திலேயே ஒரு வரியில் தெளிவுபடுத்திவிடுங்கள்.

போர்ட்ஃபோலியோ: எதைக் காட்டக்கூடாது?

நம்முடைய எடுத்துக்காட்டில் இருப்பவருக்கு உண்மையான பிரச்சினை இதுதான். இரண்டு ஆண்டாக வேலை செய்திருக்கிறார். எல்லாமே ரகசியக் காப்பு ஒப்பந்தத்தின்கீழ் செய்தவை. காட்டுவதற்குக் கையில் ஒன்றுமே இல்லை.

சிலர் என்ன செய்வார்கள்? வாடிக்கையாளரின் பெயர்மீது கறுப்புப் பட்டை ஒன்றை வைத்து மறைத்துவிட்டு, ஆவணத்தை அப்படியே ஏற்றிவிடுவார்கள். பிடிஎஃப் கோப்பில் பட்டைக்கு அடியில் எழுத்து அப்படியே இருக்கக்கூடும். சுட்டியால் தேர்வு செய்து வேறு இடத்தில் ஒட்டிப் பார்த்தால் பெயர் வந்துவிடும். கோப்பின் பெயரிலும் வாடிக்கையாளர் பெயர் ஒளிந்திருக்கும். அதைவிட முக்கியம்: ஒப்பந்தம் பெயரை மட்டுமன்றி, உள்ளடக்கத்தையும் காக்கச் சொல்லியிருக்கும். பெயரை மறைத்தாலும் மீறல் மீறல்தான். வருங்கால வாடிக்கையாளர் அதைப் பார்த்தால், 'நாளைக்கு என் ஆவணத்தையும் இப்படித்தான் போடுவாரோ' என்று யோசிப்பார்.

ஒப்பந்தத்தை எடுத்து ஒருமுறை படியுங்கள். வாடிக்கையாளர் பெயரைக்கூடச் சொல்லக்கூடாது என்று இருந்தால், துறையையும் வகையையும் அளவையும் மட்டும் சொல்லலாமா என்று பாருங்கள். 'சுகாதாரத் துறை, நோயாளிக் கையேடு, ஏறக்குறைய 4,000 சொற்கள்' என்பதுபோல. சந்தேகம் இருந்தால் நிறுவனத்திடம் இரண்டே வரியில் மின்னஞ்சல் அனுப்பிக் கேளுங்கள்: 'இந்த வேலையை இந்தச் சொற்களில் மட்டும் என் பக்கத்தில் குறிப்பிடலாமா?' போடப்போகும் வரியை அப்படியே எழுதிக் கேட்டால், சரி என்று சொல்வது அவர்களுக்கு எளிது. பதில் வரும்வரை போடவேண்டாம்.

இன்னொரு பொறி, இணையத்தில் இருக்கும் நல்ல கட்டுரை ஒன்றை எடுத்து மொழிபெயர்த்து மாதிரியாகப் போடுவது. மொழிபெயர்ப்பு உரிமையும் பதிப்புரிமையில் அடங்கும். அனுமதியில்லாமல் பிறர் எழுத்தை மொழிபெயர்த்து வெளியிடுவது சிக்கலில் கொண்டுபோய் விடலாம்.

அப்படியானால் எதைத்தான் காட்டுவது?

மூலத்தையும் நீங்களே எழுதுங்கள். உங்கள் துறையில் வழக்கமாக வரும் ஆவணம் மாதிரியே 100 முதல் 150 சொற்களில் ஆங்கிலத்தில் ஒன்றை எழுதி, அதை நீங்களே மொழிபெயர்த்து, 'மாதிரிக்காக நானே எழுதியது' என்று மேலே குறிப்பிடுங்கள். இதில் வெட்கப்பட எதுவும் இல்லை. ஏமாற்று வேலையும் இல்லை. இப்படி மூன்று மாதிரிகள் போதும்.

ஆனால் ஒரு பக்கம் ஆங்கிலம், ஒரு பக்கம் தமிழ் என்று வைத்தால் மட்டும் போதாது. தமிழ் தெரியாதவருக்கு அது வெறும் கோலம். ஒவ்வொரு மாதிரியிலும் நான்கு பகுதிகள் இருக்கட்டும்:

- சூழல்: யாருக்காக, எங்கே படிக்கப்படும் என்று இரண்டு வரி.
- மூலமும் மொழிபெயர்ப்பும்: பக்கத்துப் பக்கத்தில்.
- மறு ஆக்கம்: உங்கள் தமிழ் என்ன சொல்கிறது என்று, கூடியவரை சொல்லுக்குச் சொல் ஆங்கிலத்தில்.
- குறிப்பு: எந்த இடத்தில் ஒரு முடிவு எடுத்தீர்கள், ஏன் எடுத்தீர்கள். இதுவும் ஆங்கிலத்தில்.

நம்முடைய மொழிபெயர்ப்பாளர் ஒரு மாதிரி செய்கிறார். ரத்தப் பரிசோதனைக்கு வரும் நோயாளிக்கான குறிப்பு. 8 மணி நேரம் 'ஃபாஸ்ட்' செய்யவேண்டும், வெறும் தண்ணீர் குடிக்கலாம் என்று ஆங்கிலத்தில் இருக்கிறது.

அகராதியைப் பார்த்தால் 'ஃபாஸ்ட்' என்பதற்கு 'விரதம்', 'நோன்பு' என்று வரும். '8 மணி நேரம் விரதம் இருக்கவும்' என்று எழுதினால் இலக்கணப் பிழை எதுவும் இல்லை. ஆனால் விரதம் என்றதும் பாட்டிக்கு என்ன தோன்றும்? விரத நாளில் பாலும் பழமும் சாப்பிடும் வழக்கம் பல வீடுகளில் உண்டு. அவர் காலையில் ஒரு குவளை பால் குடித்துவிட்டு வரக்கூடும். சர்க்கரை அளவு சரியாகத் தெரியாது. இன்னொரு நாள் வரவேண்டியிருக்கும்.

'வெறும் வயிற்றில் வரவும்' என்பது நல்ல தமிழ். எல்லாருக்கும் புரியும். ஆனால் 8 மணி நேரம் என்ற அளவை அது சொல்லவில்லை. ஆகவே அவர் எழுதியது:

"ரத்தப் பரிசோதனைக்கு முந்தைய 8 மணி நேரத்துக்கு எதுவும் சாப்பிட வேண்டாம். வெறும் தண்ணீர் குடிக்கலாம்."

இதன் கீழே, குறிப்பில் அவர் எழுதுவது இது: "அகராதிச் சொல்லான 'விரதம்' சமய நோன்பைக் குறிக்கும். அதில் பால், பழம் அனுமதிக்கப்படலாம். எனவே நேரடியாக 'சாப்பிட வேண்டாம்' என்று எழுதினேன். காப்பி, தேநீர், பால் ஆகியவற்றையும் தவிர்க்கவேண்டும் என்று வெளிப்படையாகச் சேர்க்கலாமா என்று வாடிக்கையாளரிடம் கேட்டிருப்பேன். மூலத்தில் இல்லாததை நானாகச் சேர்க்கமாட்டேன்."

இந்தக் குறிப்பைத் தமிழ் ஒரு எழுத்துகூடத் தெரியாத அதிகாரி படித்தாலும் விஷயம் புரியும். இவர் அகராதியைப் பார்த்து அப்படியே போடுபவர் இல்லை, படிப்பவரை நினைத்து எழுதுகிறார், சந்தேகம் வந்தால் கேட்கிறார், இஷ்டத்துக்கு மாற்றுவதில்லை. 'தரமான சேவை' என்று பத்து முறை எழுதினாலும் கிடைக்காத நம்பிக்கை இது. அந்த இரண்டாவது வாசகரான தமிழர் படித்தாலும், ஏன் 'விரதம்' போடவில்லை என்று கேட்க இடமில்லை.

ஒவ்வொரு மாதிரியிலும் இப்படி ஒன்றிரண்டு குறிப்புகள் போதும். எல்லா வரிக்கும் விளக்கம் எழுதினால் யாரும் படிக்கமாட்டார்கள். குறிப்பு எழுத ஒன்றுமே இல்லை என்றால், நீங்கள் தேர்ந்தெடுத்த மூலம் ரொம்ப எளிது என்று அர்த்தம், வேறொன்றை எழுதுங்கள்.

எழுத்து உடைகிறதா என்று பாருங்கள்

கடைசியாக ஒன்று. இதில் நல்ல மொழிபெயர்ப்பாளர்கள்கூட மாட்டிக்கொள்கிறார்கள். அழகான வடிவமைப்பில் போர்ட்ஃபோலியோவைப் பிடிஎஃப் ஆக்கியதும் தமிழ் எழுத்து உடைந்துபோகும்.

காரணம் இதுதான். 'கெ' என்று எழுதும்போது கொம்பு முன்னால் தெரிகிறது. ஆனால் கணினியில் முதலில் 'க', பிறகுதான் கொம்பு சேமிக்கப்படுகிறது. கொம்பை எடுத்து முன்னால் வைப்பது மென்பொருளின் வேலை. அது தெரியாத மென்பொருளில், கொம்பு எழுத்துக்குப் பின்னால் போய் உட்கார்ந்துகொள்ளும். சில சமயம் ஒரு புள்ளி வட்டமும் சேர்ந்து வரும். 'மொழி' என்ற சொல்லே உடைந்து கிடக்கும். தமிழ் தெரியாத வடிவமைப்பாளர் கண்ணுக்கு அது தெரியாது.

அடோபி இன்டிசைனில் வேலை செய்தால், பத்தி அமைப்பில் `Adobe World-Ready Paragraph Composer` என்பதைத் தேர்வு செய்யவேண்டும். மற்ற செயலிகளில் தமிழுக்கான எழுத்துருவைத் தேர்ந்தெடுத்துச் சோதித்துப் பாருங்கள். எதில் செய்தாலும் இறுதிக் கோப்பை வேறொருவர் கைப்பேசிக்கு அனுப்பித் திறக்கச் சொல்லுங்கள். 'மொழி', 'தேவை', 'கையேடு', 'பொது' போன்ற சொற்களைக் கண்ணால் பாருங்கள். இந்த நான்கும் சரியாக இருந்தால், கொம்பும் காலும் பெரும்பாலும் சரியாக இருக்கும்.

ஒரு வாடிக்கையாளருக்கு இந்தப் பிரச்சினையை விளக்கி, 'அச்சுக்குப் போகும் முன் இறுதி வடிவத்தை நான் ஒருமுறை பார்த்துத் தருகிறேன்' என்று அறிமுகப் பக்கத்தில் ஒரு வரி சேர்த்தால், அதுவே தனிச் சேவை.

வெளியிடும் முன் இரண்டு சோதனைகள்

முதலில், தமிழ் தெரியாத நண்பர் ஒருவரிடம் பக்கத்தை ஒரே நிமிடம் காட்டுங்கள். பிறகு மூடிவிட்டு மூன்று கேள்வி கேளுங்கள்: எந்த மொழியிலிருந்து எந்த மொழிக்கு? எந்த வகை ஆவணம்? 3,000 சொற்களுக்கு எத்தனை நாள் ஆகும்? மூன்றாவதற்கு 'இரண்டு நாள்' என்று அவரால் சொல்ல முடிந்தால், அறிமுகப் பக்கம் வேலை செய்கிறது.

அடுத்து, மாதிரிகளின் தமிழ்ப் பகுதியை மட்டும் அச்செடுத்து, வீட்டில் இருக்கும் மூத்தவர் ஒருவரிடம் கொடுங்கள். ஆங்கிலத்தைக் காட்டவேண்டாம். "இதுல என்ன செய்யச் சொல்லியிருக்கு?" என்று கேளுங்கள். அவர் சொல்லும் பதிலும் உங்கள் ஆங்கில மூலமும் ஒத்துப்போகவேண்டும். எங்கே அவர் தயங்குகிறாரோ, அந்த வரியைத்தான் திருத்தவேண்டும்.